குலுக்கலில் பிரிந்த 65 குழந்தைகள்: ஓர் ஆட்டிசம் ஆய்வைச் சிறு மையம் வாசிக்கும் முறை

ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்குப் பயிற்சி தந்து, அவர்கள் வழியாகக் குழந்தையின் தொடர்பாடலை வளர்க்க முயலும் திட்டம் ‘பாஸ்’. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 2013-ல் 65 குழந்தைகள் இதற்கான ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். முடிவுகள் 2016-ல் ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் வந்தன. அந்த ஆய்வில் பயிற்சியை நடத்தியவர்கள் டாக்டர்களோ ஸ்பீச் தெரபிஸ்டுகளோ அல்லர். அதற்கென்று பழக்கப்பட்ட சாதாரண சுகாதாரப் பணியாளர்கள். நிபுணர்கள் அரிதாகக் கிடைக்கும் ஊர்களில் இயங்கும் சிறு மையங்கள் இந்த ஆய்வைக் கவனிக்க அதுவே காரணம். தெற்காசியக் குடும்பங்களிடமே சோதிக்கப்பட்டது என்பது இன்னொரு காரணம்.

இதன் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜோனதன் கிரீன் தலைமையில் உருவான ‘பாக்ட்’ என்ற சிகிச்சை, லண்டன், மான்செஸ்டர், நியூகாசில் ஆகிய மூன்று இடங்களில் 152 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டு 2010-ல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. அதைச் சுருக்கி, இந்தப் பகுதிக்கு ஏற்ப மாற்றியதே பாஸ். ஆகவே தெற்காசிய ஆய்வை மட்டும் எடுத்துப் படித்தால் பாதிக் கதைதான் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பயிற்சியில் நடப்பது என்ன

தாயோ தந்தையோ குழந்தையோடு தரையில் உட்கார்ந்து சில நிமிடங்கள் விளையாடுகிறார்கள். பணியாளர் அதை வீடியோ எடுக்கிறார். பிறகு பெற்றோரும் பணியாளரும் அந்த வீடியோவைச் சேர்ந்து பார்க்கிறார்கள். குழந்தை எந்தக் கணத்தில் எதையோ சொல்ல வந்தது, பெற்றோர் அதைப் பிடித்துக்கொண்டார்களா, தவறவிட்டார்களா என்று நிறுத்தி நிறுத்திப் பேசுகிறார்கள். தவறுகளைச் சுட்டிக்காட்டுவதைவிட, நன்றாக அமைந்த கணங்களைக் காட்டி அவற்றை வளர்ப்பதே முறை.

ஓர் எடுத்துக்காட்டு. குழந்தை பொம்மைக் காரைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. “இது என்ன கலர்? சொல்லு, சிவப்புன்னு சொல்லு” என்று அம்மா கேட்டால், குழந்தையின் கவனம் இருக்கும் இடத்திலிருந்து அதை வேறு பக்கம் இழுக்கிறார். “சக்கரம் சுத்துது... சுத்துது...” என்றால், குழந்தை பார்ப்பதையே தானும் பார்த்து அதற்கொரு சொல்லைத் தருகிறார். இரண்டாவது வகைப் பேச்சை இசைவான பேச்சு எனலாம். அது பெருகினால், குழந்தை தானாகவே பார்வையாலோ கையாலோ குரலாலோ தொடர்பைத் தொடங்கும் வாய்ப்பு பெருகும் என்பதுதான் இந்தச் சிகிச்சையின் அடிப்படை எண்ணம். முதலில் கூட்டுக் கவனம், பிறகு இசைவான பேச்சு, அதன்பின் மொழி, வழக்கமான விளையாட்டுகள் என்று படிப்படியாகப் போகிறது. அமர்வுகளுக்கு இடைப்பட்ட நாட்களில் வீட்டில் பெற்றோர் பயில வேண்டும். இங்கிலாந்துத் திட்டத்தில் அதற்கு நாளொன்றுக்கு அரை மணி நேரம் கேட்கப்பட்டது. பாஸ் திட்டத்தில் மொத்தம் 12 அமர்வுகள்.

குலுக்கல் ஏன் வேண்டும்

இங்கிலாந்து ஆய்வில் ஒரு கணக்கு இருக்கிறது. குலுக்கலின் தேவையை அதைவிடத் தெளிவாக வேறெதுவும் விளக்காது.

ஆட்டிசத்தின் அறிகுறிகளை அளக்க ‘ஏடாஸ்’ என்றொரு மதிப்பீடு உண்டு. பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர் குழந்தையோடு குறிப்பிட்ட விளையாட்டுகளை ஆடி, பார்த்ததற்கு மதிப்பெண் இடுவார். மதிப்பெண் கூடினால் அறிகுறி அதிகம். 13 மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, பாக்ட் சிகிச்சை பெற்ற 77 குழந்தைகளின் மதிப்பெண் சராசரியாக 3.9 புள்ளிகள் குறைந்திருந்தது. இதை மட்டும் ஒரு மையம் தன் சுவரொட்டியில் போட்டால் யாரும் அசந்துபோவார்கள். சிகிச்சைக்கு முன் இவ்வளவு, பின் இவ்வளவு என்று காட்டினால் போதும், பெற்றோர் வரிசையில் நிற்பார்கள்.

ஆனால் அந்தச் சிகிச்சை கிடைக்காமல், ஊரில் வழக்கமாகக் கிடைக்கும் உதவிகளை மட்டும் பெற்ற 75 குழந்தைகளுக்கும் 2.9 புள்ளிகள் குறைந்திருந்தன. குழந்தை ஒரு வயது வளர்ந்துவிட்டது. பள்ளிக்கோ வேறு தெரபிக்கோ போயிருக்கிறது. வீட்டாரும் தமக்குத் தெரிந்ததைச் செய்திருக்கிறார்கள். நிலைமை மிக மோசமாக இருக்கும் நாளில்தான் உதவி தேடி வருகிறோம், அதன் பிறகு சற்றுத் தணிவது இயல்பு என்ற காரணமும் உண்டு. அதனால் சிகிச்சையின் கணக்கில் சேர வேண்டியது 3.9 அன்று, ஏறக்குறைய 1 புள்ளிதான். அந்த ஒன்றும் உறுதியானதா என்பது அடுத்த கேள்வி.

இரண்டாவது குழு இல்லாவிட்டால் இந்த 2.9 கண்ணுக்கே தெரியாது. அந்தக் குழுவைப் பெற்றோரின் விருப்பப்படி பிரித்தாலும் பயனில்லை. ஆர்வமும் வசதியும் உள்ள குடும்பங்கள் சிகிச்சைப் பக்கம் சேர்ந்துவிடும், கிடைக்கும் வித்தியாசம் குடும்பத்தினுடையதா சிகிச்சையினுடையதா என்று பிரித்தறிய முடியாது. எனவேதான் குலுக்கல். பாஸ் ஆய்வில் வெறும் குலுக்கலோடு விடாமல், எந்த மையம், ஆறு வயதுக்குக் கீழா மேலா, அன்றாடத் திறன் எவ்வளவு ஆகிய மூன்றும் இரு குழுக்களிலும் சமமாக அமையும்படி கணினி பார்த்துக்கொண்டது. 65 பேர் போன்ற சிறு எண்ணிக்கையில் வெறும் குலுக்கல் தற்செயலாகச் சாய்ந்துவிடக்கூடும் என்பதால் இந்த ஏற்பாடு. 32 குழந்தைகள் பாஸ் பக்கம், 33 பேர் வழக்கமான உதவியின் பக்கம்.

படிக்கும்போது பார்க்க வேண்டிய இன்னொன்று, அளந்தவருக்கு விவரம் தெரியுமா என்பது. எந்தக் குடும்பம் பயிற்சி பெற்றது என்பது பெற்றோருக்குத் தெரியும், பணியாளருக்கும் தெரியும். அதை மறைக்க வழியில்லை. ஆனால் 8-வது மாத விளையாட்டு வீடியோவைப் பார்த்து எண்ணிக் குறித்தவர்களுக்கு அது சொல்லப்படவில்லை. இது சிறிய விஷயமன்று. ஆறு மாதம் பாடுபட்ட தாயிடம் படிவத்தைக் கொடுத்து “குழந்தை எத்தனை சொல் பேசுகிறது?” என்று கேட்டால், அவர் பொய் சொல்லாமலே கூடுதலாகக் குறிப்பார். ஏனென்றால் இப்போது அவர் கூடுதலாகக் கவனிக்கிறார். பெற்றோர் நிரப்பிய படிவத்தில் மட்டும் பலன் தெரிந்து, விவரம் அறியாத மதிப்பீட்டாளரின் அளவில் தெரியாவிட்டால், அந்தப் பலனைப் பாதி விலைக்கே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று எண்கள்

பாஸ் ஆய்வில் முக்கியமாக அளக்கப்பட்டவை பெற்றோரும் குழந்தையும் பழகும் விதத்தின் மூன்று கூறுகள். ஒவ்வொன்றாகப் பார்ப்பதே நல்லது.

முதலாவது, பெற்றோரின் இசைவான பேச்சு. இரு குழுக்களுக்கும் இடையிலான வித்தியாசம் 0.25. அதாவது பெற்றோர் குழந்தையை நோக்கிச் செய்த 100 செயல்களில் ஏறக்குறைய 25 கூடுதலாக இசைவாக அமைந்தன. ஆய்வுகள் இதைக் குழந்தைகளுக்கிடையே இயல்பாகவே காணப்படும் ஏற்ற இறக்கத்தால் வகுத்து ‘விளைவின் அளவு’ என்று தரும். இங்கே அது 1.61. பொதுவாக 0.2 சிறிது, 0.5 நடுத்தரம், 0.8 பெரிது என்று கொள்வது வழக்கம். அப்படிப் பார்த்தால் இது மிகப் பெரிய பலன்.

இந்த எண்ணைக் கண்டதும் மகிழ்வதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும். பயிற்சியில் கற்றுக்கொடுத்தது எது? இசைவாகப் பேசுவதுதான். கற்றுக்கொடுத்ததையே தேர்வில் கேட்டால் மதிப்பெண் கூடத்தான் செய்யும். பெற்றோர் கற்றுக்கொண்டார்கள், பணியாளர்கள் ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தார்கள் என்பதற்கு இது நல்ல சான்று. குழந்தை மாறியது என்பதற்குச் சான்று ஆகாது.

இரண்டாவது எண் அதைத்தான் சொல்ல வருகிறது. குழந்தை தானாகத் தொடங்கிய தொடர்புகளின் பங்கு 0.15 கூடியது. விளைவின் அளவு 0.99. இதுவும் பெரிதே. ஆனால் பக்கத்தில் இருக்கும் எல்லைகளையும் படிக்க வேண்டும். உண்மையான வித்தியாசம் 0.04-க்கும் 0.26-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம் என்கிறது ஆய்வு. 100-க்கு 4 என்றால் வீட்டில் இருப்பவர்கள் கவனிக்காமலே போகலாம். 100-க்கு 26 என்றால் அண்டை வீட்டாரும் கேட்பார்கள். 65 குழந்தைகளைக் கொண்டு இதைவிட நெருக்கமாகச் சொல்ல முடியாது. நடுவில் உள்ள 0.15-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு பேசுவது, ஆய்வு சொல்லாத உறுதியை அதன் வாயில் போடுவதாகும். எல்லை முழுவதும் பூச்சியத்துக்கு மேலே இருக்கிறது என்ற அளவுக்கு மட்டும் துணிந்து சொல்லலாம்.

மூன்றாவது எண்தான் பெரும்பாலான சுருக்கங்களில் காணாமல் போவது. குழந்தையும் பெற்றோரும் ஒரே பொருளில் கவனம் வைத்திருந்த நேரம், அதாவது கூட்டுக் கவனம், பாஸ் குழுவில் குறைந்தது. வித்தியாசம் -0.16, விளைவின் அளவு -0.70. எல்லைகள் இரண்டும் பூச்சியத்துக்குக் கீழே இருப்பதால் இதைத் தற்செயல் என்று எளிதில் தள்ள முடியாது. பத்து நிமிட விளையாட்டு என்றால், ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று அதிகமாகக் குறைந்தது என்று கொள்ளலாம். இங்கிலாந்தில் இதே அளவு 0.33 என்று எதிர்த் திசையில் போயிருந்தது, அங்கேயும் அது உறுதியாகவில்லை.

ஏன் இப்படி? குறுக்கிடாமல் காத்திருக்கக் கற்றுக்கொண்ட பெற்றோர், குழந்தையைத் தம் பக்கம் இழுத்து வைத்துக்கொள்வதைக் குறைத்திருக்கலாம். வழக்கமாகக் கட்டளையிட்டுச் செய்யவைக்கும் வீடுகளில் இந்த மாற்றம் கூடுதலாகத் தெரியலாம். இவை ஊகங்கள். ஆய்வாளர்கள் இந்த முடிவை மறைக்காமல் வெளியிட்டு, இந்தப் பகுதிக்கு ஏற்பத் திட்டத்தை மேலும் திருத்த வேண்டியிருக்கலாம் என்று எழுதினார்கள். அந்த நேர்மை ஆய்வின் மீதுள்ள நம்பிக்கையைக் கூட்டுகிறது. ஆனால் திட்டத்தைக் கையில் எடுக்கும் மையம் அந்த வரியைத் தாண்டிப் போகக் கூடாது.

அருகில் உள்ளது, தூரத்தில் உள்ளது

பெற்றோர் சிகிச்சைக்கு வரும்போது இசைவான பேச்சைத் தேடி வருவதில்லை. “எப்ப டாக்டர் பேசுவான்?” என்றுதான் கேட்கிறார்கள். அதற்கான பதிலைப் பாஸ் ஆய்வின் மூன்று எண்களில் தேடக் கூடாது. அவை அதற்காக வைக்கப்பட்டவை அல்ல.

இங்கிலாந்து ஆய்வில் அந்தத் தூரத்தை வரிசையாகப் பார்க்கலாம். பெற்றோரின் இசைவான பேச்சில் விளைவின் அளவு 1.22. அதன் வழியே குழந்தை தானாகத் தொடங்கும் தொடர்பில் 0.41. ஏடாஸ் காட்டும் அறிகுறிகளில் 0.24 மட்டுமே, அதன் எல்லைகளோ 0.59 குறைவதிலிருந்து 0.11 கூடுவது வரை பூச்சியத்தைத் தாண்டி நீள்கின்றன. நேரடியாக அளந்த மொழித் திறனிலும், பள்ளியில் அன்றாட நடப்பிலும் பலன் சிறிதே என்று ஆய்வாளர்களே குறிப்பிட்டார்கள். கற்றுக்கொடுத்த இடத்திலிருந்து தள்ளிப் போகப் போகப் பலன் மெலிகிறது. குழந்தைகளுக்கான பயிற்சித் திட்டம் எதைப் படித்தாலும் இந்த மெலிவை எதிர்பார்த்தே படிக்க வேண்டும்.

இதற்குப் பின் வந்த இரண்டு முடிவுகள் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. முதல் ஆய்வின் குழந்தைகளில் 121 பேரை ஏறக்குறைய ஆறு ஆண்டுகளுக்குப் பின் தேடிப் பிடித்து மீண்டும் அளந்தார்கள். 2016-ல் வெளியான அந்த முடிவின்படி, சிகிச்சைக் காலம் தொடங்கி இடைப்பட்ட ஆண்டுகள் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் அறிகுறிகளின் கடுமை சிகிச்சைக் குழுவில் குறைவு, விளைவின் அளவு 0.55. மெதுவாக வந்தாலும் நிலைத்த பலன் என்று அதை வாசிக்கலாம். ஆனால் முதலில் சேர்ந்த 152 பேரில் 31 பேர் கிடைக்கவில்லை என்பதையும், கடைசி அளவீட்டை மட்டும் தனியே எடுத்தால் அதன் எல்லை பூச்சியத்தைத் தொடுகிறது என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். பின்னர் 249 குழந்தைகளைக் கொண்டு, வீட்டோடு பள்ளியையும் சேர்த்து விரிவாக்கிய ‘பாக்ட்-ஜி’ ஆய்வு 2022-ல் வந்தது. அதில் பெரியவர்களும் குழந்தைகளும் பழகும் விதம் மேம்பட்டது. ஏடாஸ் அறிகுறிகளில் விளைவு 0.04, அதாவது ஒன்றுமில்லை என்றே கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் தீர்ப்பு இது: பெற்றோர் குழந்தையோடு பழகும் விதத்தை இந்தப் பயிற்சி மாற்றுகிறது, அது திரும்பத் திரும்ப உறுதிப்பட்டிருக்கிறது. அந்த விளையாட்டுக்குள் குழந்தை கூடுதலாகத் தொடர்பு கொள்கிறது, அதுவும் ஓரளவு உறுதி. ஆட்டிசத்தின் அறிகுறிகளை இது குறைக்கும் என்று பெற்றோருக்கு வாக்குக் கொடுக்க ஆதாரம் போதாது.

ஒரு சிறு மையத்தின் கணக்கு

ஒரு தாலுகா நகரில் ஒரு மையம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட், ஒரு சிறப்புக் கல்வி ஆசிரியை, இரண்டு உதவியாளர்கள். குழந்தை நல மருத்துவர் வாரத்தில் இரண்டு நாள் வருகிறார். ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகள் வந்து போகிறார்கள். இந்த மையம் பாஸ் போன்ற திட்டத்தை எடுக்கலாமா?

முதல் கேள்வி, ஆய்வில் இருந்த குழந்தைகள் இந்த மையத்துக் குழந்தைகளைப் போன்றவர்களா என்பது. இங்கிலாந்தில் இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். பாஸ் ஆய்வில் இரண்டு முதல் ஒன்பது வரை. மையத்துக் குழந்தைகளில் 12 வயதுப் பையன்கள் இருந்தால் அவர்களைப் பற்றி இரண்டு ஆய்வுகளும் எதுவும் சொல்லவில்லை. ஒன்பது வயது வரை என்பதையும் எச்சரிக்கையோடு கொள்ள வேண்டும். 65 பேரை வயது வாரியாகப் பிரித்தால் ஒவ்வொரு பிரிவிலும் மிஞ்சுவது சிலரே, அவர்களை வைத்து ‘எட்டு வயதுக்காரருக்கும் பலிக்கும்’ என்று சொல்ல இயலாது.

இரண்டாவது கேள்வி அதிகம் மறக்கப்படுவது: எதோடு ஒப்பிட்டார்கள்? பாஸ் குழுவின் எதிர்ப்பக்கத்தில் இருந்தது ‘வழக்கமான உதவி’. நிபுணர்கள் குறைவான இடங்களில் வழக்கமான உதவி என்பது பெரும்பாலும் சொற்பம். ஆய்வு காட்டிய வித்தியாசம் அந்தச் சொற்பத்துக்கு மேல் கிடைத்தது. நம் மையத்துக் குழந்தை ஏற்கெனவே வாரம் இரண்டு முறை ஸ்பீச் தெரபிக்கு வந்து, தாயும் உடனிருந்து கற்றுக்கொண்டிருந்தால், மேலே கிடைப்பது அதைவிடக் குறைவாக இருக்கலாம். காத்திருப்புப் பட்டியலில் எந்த உதவியும் இல்லாமல் நிற்கும் குடும்பத்துக்கே ஆய்வின் எண் நெருக்கமாகப் பொருந்தும். இதிலிருந்து நடைமுறை முடிவு ஒன்று வருகிறது: ஏற்கெனவே நடக்கும் தெரபியை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் இதை வைக்கக் கூடாது. ஆய்வு சோதித்தது வழக்கமான உதவியோடு கூட இதையும் தருவதைத்தான்.

மூன்றாவது, யார் நடத்துவது? நிபுணர் அல்லாதவர் நடத்தலாம் என்ற செய்தி பாதி உண்மை. பாஸ் பணியாளர்களுக்குப் பின்னால் மேற்பார்வையாளர்கள் இருந்தார்கள், அவர்களைப் பழக்க இங்கிலாந்துக் குழுவும் இருந்தது. மேற்பார்வை இல்லாமல் ஓர் உதவியாளரை இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு மறுவாரம் தொடங்கினால் நடப்பது வேறொரு திட்டம், பெயர் மட்டும் ஒன்று. நம் மையத்தில் அந்த ஸ்பீச் தெரபிஸ்ட் முதலில் தாமே கற்று, பிறகு உதவியாளர்களின் அமர்வு வீடியோக்களை வாரம் ஒரு மணி நேரமாவது பார்க்க ஒப்புக்கொள்ள வேண்டும். அவரால் முடியாது என்றால் இந்தக் கணக்கை இங்கேயே மூடிவிடலாம்.

முடியும் என்றால் நேரத்தைக் கூட்டிப் பார்க்கலாம். அமர்வுக்கு ஒரு மணி, அதற்கு முன் வீடியோவைப் பார்த்துக் கணங்களைத் தேர்ந்தெடுக்கவும் பின்னர் குறிப்பெழுதவும் இன்னொரு மணி. 12 அமர்வுகளுக்குக் குடும்பத்துக்கு 24 மணி. இரண்டு வாரத்துக்கு ஒன்று என்றால் 24 வாரங்கள். 20 குடும்பங்களையும் ஒரே நேரத்தில் எடுத்தால் வாரத்துக்கு 20 மணி நேரம், ஏறக்குறைய ஒரு பணியாளரின் பாதி வேலை. ஆறு குடும்பங்களோடு தொடங்கினால் வாரத்துக்கு 6 மணி. சிறு மையத்துக்கு இந்த இரண்டாவது வழியே பொருந்தும்.

நான்காவது, குடும்பத்தால் முடியுமா? பாஸ் குழுவில் 32 பேரில் 26 பேர், அதாவது 81 சதவீதத்தினர், பயிற்சியை முடித்தார்கள். விலகிய ஆறு பேரையும் ஆய்வு தன் கணக்கிலிருந்து நீக்கவில்லை, குலுக்கலில் விழுந்த பக்கத்திலேயே வைத்து எண்ணியது. அது சரியான முறை. முடித்தவர்களை மட்டும் எண்ணினால் பலன் பெரிதாகத் தோன்றும். ஓர் ஆய்வுக்குள் குடும்பங்களை விடாமல் தொடர்புகொள்ள ஆட்கள் இருப்பார்கள். மையத்தில் அது கிடையாது, ஆகவே விலகல் கூடும் என்று எதிர்பார்ப்பதே நியாயம். பகலில் குழந்தையோடு இருப்பவர் யார் என்பதையும் கேட்க வேண்டும். அம்மா வேலைக்குப் போய்விட, பாட்டியே வளர்க்கும் வீட்டில் அம்மாவை மட்டும் பழக்கினால், இரவு எட்டு மணிக்குக் களைத்து வந்தவரிடம் அரை மணி விளையாட்டைக் கேட்கிறோம். அங்கே பாட்டியை வீடியோவில் உட்கார வைப்பதே உசிதம்.

ஆறு குடும்பங்களை வைத்துச் சிகிச்சை பலிக்கிறதா என்று எந்த மையமும் கண்டுபிடித்துவிட முடியாது. இங்கிலாந்தின் அந்த 2.9 புள்ளிகளை நினைவில் வைத்தால் இது விளங்கும்: சிகிச்சையே இல்லாமலும் குழந்தைகள் முன்னேறுவார்கள். ஆனால் திட்டத்தை ஒழுங்காக நடத்துகிறோமா என்பதைக் கண்டுபிடிக்கலாம். ஆய்வில் மிகப் பெரிதாக மாறியது பெற்றோரின் பேச்சு. இங்கேயும் அது மாறவில்லையென்றால், ஏதோ கைமாறும் வழியில் சிந்திவிட்டது என்று பொருள்.

அதை எண்ணுவதற்குப் பெரிய கருவி வேண்டாம். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே பொம்மைகளோடு பத்து நிமிட வீடியோ. கோப்பின் பெயரில் தேதி தெரியாமல் எண் மட்டும் இட்டு, அந்தக் குடும்பத்தோடு வேலை செய்யாத சிறப்புக் கல்வி ஆசிரியையிடம் தர வேண்டும். அவர் இரண்டை எண்ணுகிறார்: பெரியவரின் பேச்சில் எத்தனை குழந்தையின் கவனத்தைப் பின்தொடர்ந்தது, எத்தனை நிமிடம் இருவரும் ஒரே பொருளில் இருந்தார்கள். முதல் வீடியோவில் அம்மா பேசிய 40 முறையில் 10 இசைவாக இருந்து, கடைசி வீடியோவில் 40-க்கு 20 ஆகியிருந்தால் வித்தியாசம் 100-க்கு 25. பாஸ் காட்டியதும் அதே அளவுதான், ஆக மையம் கற்றுக்கொடுக்கிறது. 10 என்பது 12-லேயே நின்றால் மேற்பார்வையைத் திருத்த வேண்டும். இரண்டாவது எண்ணிக்கையான கூட்டுக் கவனம் குறைந்துகொண்டே போனால், ஆய்வு எச்சரித்த அதே இடத்தில் மையமும் நிற்கிறது. அப்போது காத்திருக்கச் சொல்வதோடு, குழந்தையின் முகத்துக்கு நேரே அமர்வதையும், அதன் விளையாட்டுக்குள் நுழைவதையும் மீண்டும் முதல் படியிலிருந்து பழக்க வேண்டும். வீடியோக்கள் பணியாளரின் சொந்த போனில் தங்கக் கூடாது. எழுத்தில் ஒப்புதல் வாங்கி, மையத்தின் பூட்டிய கணினியில் மட்டும் வைக்க வேண்டும்.

முதல் நாளில் பெற்றோரிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தையும் ஆய்வே எழுதித் தருகிறது. “அம்மா, இதனால ஆட்டிசம் போயிடும்னு நாங்க சொல்லலை. அவன் உங்களோட விளையாடும்போது தானா உங்களைத் தேடி வர்றது கூடும்னு எதிர்பார்க்கிறோம். எவ்வளவு கூடும்ங்கிறது குழந்தைக்குக் குழந்தை மாறும்.” இதைக் கேட்ட பிறகும் வரச் சம்மதிக்கும் குடும்பங்களே கடைசி அமர்வு வரை வரும்.

இந்த மையத்துக்கான தீர்ப்பு, எடுக்கலாம் என்பதே. ஒன்பது வயதுக்கு உட்பட்ட, வேறு உதவி கிடைக்காமல் காத்திருக்கும் ஆறு குடும்பங்களோடு, நடக்கும் தெரபி எதையும் நிறுத்தாமல், வாரம் ஒரு மணி மேற்பார்வை உறுதியான பிறகு தொடங்கலாம். அந்த மேற்பார்வைக்கு ஆள் இல்லாத மையம், ஆள் கிடைக்கும் வரை தொடங்க வேண்டாம்.